புக் பண்ணவா, வாங்கவா, விசாரிக்கவா?

ஜெர்மனியின் வடகடலோரத்தில் கிரேட்சீல் என்று ஒரு சிற்றூர். 2018 ஜூலையில் ஒருவர், புக்கிங் டாட் காம் தளத்தில் அந்த ஊர் ஹோட்டல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு மே 28 முதல் ஜூன் 2 வரை தங்குவதற்கு ஒரு ஹோட்டலில் 4 டபுள் ரூம்களைத் தேர்ந்தெடுத்தார். முதலில் ‘நான் ரிசர்வ் செய்கிறேன்’ என்ற பொத்தானைத் தட்டினார். தன் விவரங்களையும் கூட வருகிறவர்களின் பெயர்களையும் கொடுத்தார். கடைசியாக ‘முன்பதிவை முடி’ என்று பொருள்படும் ஜெர்மன் சொற்கள் எழுதிய பொத்தானையும் தட்டினார். ஆனால் 2019 மே 28 அன்று அவர் வரவில்லை. ஹோட்டல் தன் விதிமுறைகளைக் காட்டி 2,240 யூரோ ரத்துக் கட்டணம் கேட்டது. அவர் கட்டவில்லை. வழக்கு போட்ராப் நகர நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை சென்றது.

நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வி ஒரு பொத்தானில் இருந்த இரண்டு சொற்களைப் பற்றியது. ‘முன்பதிவை முடி’ என்று படிக்கும் சாதாரண மனிதருக்கு, ‘இதைத் தட்டினால் நான் பணம் கட்டக் கடமைப்பட்டவன்’ என்று புரியுமா, புரியாதா?

2022 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய நுகர்வோர் சட்டப்படி, இணையத்தில் ஒரு ஒப்பந்தம் நுகர்வோர் தலையில் பணக் கடமையை ஏற்றுமானால், அதை உறுதிசெய்யும் பொத்தானில் ‘பணம் செலுத்தும் கடமையோடு ஆர்டர் செய்கிறேன்’ என்றோ, அதற்குச் சமமான ஐயமற்ற சொற்களோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒப்பந்தம் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. ‘பக்கத்தில் விலை போட்டிருந்தோமே, மேலே விதிமுறை கொடுத்திருந்தோமே’ என்று வியாபாரி வாதாட முடியாது. பொத்தானின் மேல் எழுதிய சொற்களை மட்டுமே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘முன்பதிவு’ என்ற சொல் ஜெர்மன் பேச்சு வழக்கில் எப்போதும் பணக் கடமையையே குறிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யும் வேலையை உள்ளூர் நீதிமன்றத்திடம் விட்டது. எப்போதும் குறிக்கவில்லை என்றால் அந்தப் பொத்தான் செல்லாது.

விளம்பரத் தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட வரியை ‘கால் டு ஆக்‌ஷன்’ என்பார்கள். படிப்பவரிடம் ‘அடுத்து இதைச் செய்யுங்கள்’ என்று கேட்கும் வரி அது. பொத்தானில் இருக்கலாம், நோட்டீஸின் அடியில் இருக்கலாம், பேருந்தின் பின்புறத்திலும் இருக்கலாம். வாங்கச் சொல்வது, முன்பதிவு செய்யச் சொல்வது, விசாரிக்கச் சொல்வது என்று இந்த வரிகள் பெரும்பாலும் மூன்று வகை. பலரும் மூன்றையும் ஒன்றாகப் பாவித்து, எல்லா இடத்திலும் ‘புக் நவ்’ என்றோ ‘தொடர்புக்கு’ என்றோ போட்டு முடித்துவிடுகிறார்கள். மூன்றிலும் படிப்பவர் கையிலிருந்து போவது வேறு வேறு. வாங்கும்போது பணம் போகிறது. முன்பதிவில் ஒரு தேதியும் ஒரு வாக்கும் போகின்றன. விசாரணையில் போவது போன் நம்பர். எது போகிறது என்பதைச் சொல்லாத வரியை நம்பி யாரும் எளிதில் விரலை வைப்பதில்லை.

இந்த மூன்றில் முன்பதிவுதான் சிக்கலானது. அந்த ஜெர்மன் வழக்கின் சிக்கல் தமிழ்நாட்டு வீடுகளிலும் தினமும் இருக்கிறது. ரயில் டிக்கெட் ‘புக்’ பண்ணினால் முழுப் பணமும் அப்போதே கட்டியாக வேண்டும். கேஸ் சிலிண்டர் ‘புக்’ பண்ணுவதற்கு ஒரு மிஸ்டு கால் போதும். சிலிண்டர் வாசலுக்கு வந்த பிறகு பணம் கொடுக்கலாம். கல்யாண மண்டபம் ‘புக்’ பண்ணியாச்சு என்றால் அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்று அர்த்தம். டாக்டரிடம் ‘புக்’ பண்ணினால் பல இடங்களில் ஒரு டோக்கன் நம்பர் கிடைக்கும், ஃபீஸ் நேரில் போனபிறகுதான். வாட்ஸ்அப்பில் சேலை விற்பவர்கள் ‘புக்கிங்குக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க’ என்று எழுதும்போது, ஜிபேயில் பணம் போட்டு வாங்கச் சொல்கிறார்கள். அதே குழுவில் ‘ப்ரீ புக்கிங்’ என்று வந்தால், இன்று பணம் கட்டிவிட்டு, சேலை தறியிலிருந்து வரும்வரை சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆக ‘புக் பண்ணுங்கள்’ என்று மட்டும் கேட்டால், படிப்பவர் தனக்குப் பழக்கமான ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொள்வார். கடைக்காரர் நினைத்தது வேறாக இருந்தால் பிறகு தகராறு வரும். ‘சும்மா எடுத்து வைக்கத்தானே சொன்னேன்’ என்று ஒருவரும், ‘உங்களுக்காக வேறு ஆளைத் திருப்பி அனுப்பினேனே’ என்று இன்னொருவரும் சொல்லும் சண்டை ஊருக்கு ஊர் நடக்கிறது. இருவருமே பொய் சொல்வதில்லை. அந்த வரி எவருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரயில்வேயின் ஐஆர்சிடிசி தளம் இதை ஓரளவு சரியாகக் கையாள்கிறது. ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது ‘புக் நவ்’ என்கிறது. பயணிகளின் பெயர், வயது கேட்கும் பக்கங்களில் ‘கன்டினியூ’ என்கிறது. பணம் கட்டும் இடத்துக்கு வந்ததும் ‘பே அண்ட் புக்’ என்கிறது. கடைசிச் சொற்களில் பணமும் இருக்கிறது, முன்பதிவும் இருக்கிறது. தட்டுகிறவருக்கு அந்த இடத்தில் சந்தேகம் வர வழியில்லை.

இன்னும் நுணுக்கமாகச் செய்த உதாரணம் ஏர்பிஎன்பி. வீடுகளை நாள்வாடகைக்கு விடும் அந்தத் தளத்தில் தேதி கொடுக்காமல் ஒரு வீட்டைத் திறந்தால், பொத்தானில் ‘காலியாக இருக்கிறதா பார்’ என்ற பொருளில் ‘செக் அவைலபிலிட்டி’ என்று இருக்கும். தேதி கொடுத்ததும் அதே பொத்தான் ‘ரிசர்வ்’ என்று மாறும். அதன் அடியில் சிறிய எழுத்தில், இப்போது பணம் எடுக்கப்படாது என்ற குறிப்பு வரும். உள்ளே போய் எல்லா விவரமும் சரிபார்த்த பிறகு வரும் பொத்தான்தான் ‘கன்ஃபர்ம் அண்ட் பே’. வீட்டுக்காரர் சம்மதம் சொல்ல வேண்டிய வீடாக இருந்தால் அங்கே ‘ரிக்வெஸ்ட் டு புக்’, அதாவது முன்பதிவுக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்ற வாசகம் வருகிறது. ஒரே வீடு, ஒரே பயணி. ஆனால் அவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படிக்குரிய சொல் வருகிறது. அந்தச் சின்னக் குறிப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தயங்கும் விரலுக்கு வேண்டிய பதிலை அதுதான் சொல்கிறது. ‘தட்டினால் பணம் போய்விடுமோ’ என்ற பயம் பொத்தான் இருக்கும் இடத்தில்தான் வருகிறது, பதிலும் அங்கேயே இருக்க வேண்டும்.

கூகுள் நிறுவனத்துக்கும் இதே அனுபவம் உண்டு. 2017-இல் நடந்த அதன் ஐ/ஓ மாநாட்டில், அங்கே வாசகம் எழுதும் குழுவினர் ஒரு சோதனையைப் பற்றிப் பேசினார்கள். ஹோட்டல் தேடும் பக்கத்தில் ‘அறையை புக் பண்ணு’ என்றிருந்த சொற்களை ‘காலியாக இருக்கிறதா பார்’ என்று மாற்றியிருக்கிறார்கள். பயன்பாடு 17 சதவீதம் கூடியது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. அந்தக் கட்டத்தில் மக்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தேதி, என்ன விலை என்று பார்த்துக்கொண்டிருப்பவரிடம் ‘புக் பண்ணு’ என்பது அவசரம். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. கூடியது பொத்தானைத் தட்டுவது. அறை எடுத்தவர்கள் அத்தனை பேர் கூடினார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தட்டுவதை எளிதாக்குவதும் வியாபாரத்தைக் கூட்டுவதும் ஒன்றல்ல. விளம்பர ஆலோசகர்கள் இந்த 17 சதவீதத்தை மேற்கோள் காட்டும்போது இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

வாங்குவதற்கு வருவோம். வாங்க வந்தவர் மனத்தில் முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது. அங்கே சொல்லின் வேலை அவரைத் தூண்டுவதைவிட, தடுக்காமல் இருப்பது. அமெரிக்காவில் பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய ஒரு கட்டுரை இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஒரு பெரிய இணையக் கடையில் பொருளைக் கூடையில் போட்டுவிட்டு ‘செக் அவுட்’ தட்டியதும் ஒரு படிவம் வந்தது. மின்னஞ்சல், பாஸ்வேர்டு என்று இரண்டு கட்டங்கள். ‘லாகின்’, ‘ரெஜிஸ்டர்’ என்று இரண்டு பொத்தான்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஒரு இணைப்பு. பார்வைக்கு எந்தக் குற்றமும் இல்லாத படிவம். ஆனால் முதல்முறை வாங்க வந்தவர்கள் ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எரிச்சலடைந்தார்கள். பொருளுக்குக் காசு கொடுக்க வந்தவரிடம் கடை உறுப்பினராகச் சேரச் சொன்னது. ஏற்கெனவே வாங்கியவர்களோ, எந்த மின்னஞ்சல், எந்த பாஸ்வேர்டு என்று நினைவில்லாமல் தவித்தார்கள்.

செய்த திருத்தம் இதுதான்: ‘ரெஜிஸ்டர்’ பொத்தானை எடுத்துவிட்டு ‘கன்டினியூ’ வைத்தார்கள். வாங்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, தொடரலாம், விரும்பினால் கடைசியில் தொடங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் விற்பனை 30 கோடி டாலர் கூடியது என்று ஸ்பூல் கணக்குச் சொல்கிறார். அந்தக் கடை எது என்று அவர் வெளியிடவில்லை. பொத்தான் ஒன்று மாறியதால் மட்டும் இவ்வளவா என்று கேட்கலாம். மாறியது சொல் மட்டுமல்ல. கணக்கு கட்டாயம் என்ற நிபந்தனையும் போனது. சொல் மாறி நிபந்தனை மாறாமல் இருந்திருந்தால் அடுத்த பக்கத்தில் அதே கூட்டம் அதே எரிச்சலோடு வெளியேறியிருக்கும். அழைப்பு வரியை மட்டும் அழகாக்கச் சொல்லும் முதலாளிகளுக்கு இந்தப் பகுதியைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

வாங்கும் வரிகளுக்குள்ளேயும் படிகள் உண்டு. ‘கார்ட்டில் சேர்’ என்பது கூடையில் போடுவது. எடுத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ‘இப்போதே வாங்கு’ நேரே பணம் கட்டும் இடத்துக்கு அழைத்துப் போகிறது. விலை குறைந்த, அடிக்கடி வாங்குகிற பொருளுக்கு இரண்டாவது பொருந்தும். 15,000 ரூபாய் பட்டுச் சேலைக்கு முதல் பார்வையிலேயே ‘இப்போதே வாங்கு’ மட்டும் இருந்தால், பார்ப்பவர் பக்கத்தை மூடிவிட்டு அக்காவுக்கு போன் பண்ணுவார். கடைசிப் பொத்தானில் தொகையையே எழுதிவிடுவது நல்லது: ‘₹1,240 செலுத்து’. டெலிவரி கட்டணம் சேர்ந்ததா இல்லையா என்ற கேள்வி அத்தோடு தீர்ந்துவிடும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கல், பொருள் வந்தபின் பணம் தரும் வழக்கம். ஃப்ளிப்கார்ட் 2010-இல் தொடங்கிய கேஷ் ஆன் டெலிவரி இன்றும் சிறு ஊர்களில் வலுவாக இருக்கிறது. அங்கே ‘ஆர்டர் செய்’ என்பது பணக் கடமை போலத் தோன்றினாலும், வாங்குபவரின் உண்மையான முடிவு வாசல் கதவில்தான் நடக்கிறது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டால் இரண்டு வழிக் கூரியர் செலவும் விற்பவர் தலையில். சிறு விற்பனையாளர்கள் இதை ‘ஆர்டிஓ’ என்று சலித்துக்கொள்வார்கள். இதனால்தான் பலர் ‘நோ சிஓடி’ என்று முதல் வரியிலேயே போடுகிறார்கள். சிலர் கூரியர் செலவை மட்டும் முன்கூட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படி வாங்குவதானால் பொத்தானும் அதைச் சொல்ல வேண்டும்: ‘₹80 இப்போது, மீதி வாசலில்’. வெறும் ‘ஆர்டர் செய்’ என்று தட்ட வைத்து, அடுத்த பக்கத்தில் 80 ரூபாய் கேட்டால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

விசாரணை வரிகளுக்குத்தான் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை. ‘தொடர்புக்கு’ என்று ஒரு நம்பரைப் போட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம். ஆனால் விசாரிப்பவரும் ஒன்றைக் கொடுக்கிறார். நம்பரைக் கொடுத்த மறுநாளிலிருந்து யார் யாரோ அழைப்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் பழகிப்போன அனுபவம். அதனால் விசாரணை வரி இரண்டைச் சொல்ல வேண்டும். கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? அவரை யார், எப்படித் திரும்ப அணுகுவார்கள்?

முதல் கேள்விக்கு டென்மார்க்கைச் சேர்ந்த மைக்கேல் ஆகார்ட் வெளியிட்ட ஒரு சோதனை நல்ல விடை. அலுவலக இடங்களை வாடகைக்குக் காட்டும் மேட்ச்ஆபீஸ் தளத்தில், ‘விவரமும் விலையும் ஆர்டர் செய்’ என்ற பொருளில் இருந்த பொத்தானை ‘விவரமும் விலையும் பெறு’ என்று மாற்றினார். விசாரணைகள் சுமார் 15 சதவீதம் கூடின. மாறியது ஒரே வினைச்சொல். ‘ஆர்டர்’ என்றதும் தான் ஏதோ கொடுக்க வேண்டும், கட்டுப்பட வேண்டும் என்று மனம் பின்வாங்குகிறது. ‘பெறு’ என்றால் கைக்கு ஒன்று வரப்போகிறது. விசாரணைப் பக்கத்தில் வாங்குவதற்குரிய சொல் நுழைந்ததுதான் அங்கே நடந்த பிழை. இந்தியாவில் இண்டியாமார்ட் தளம் பொருளுக்குப் பக்கத்தில் ‘கெட் பெஸ்ட் பிரைஸ்’, ‘கான்டாக்ட் சப்ளையர்’ என்று பொத்தான்கள் வைத்திருப்பதும் இந்த வழியில்தான். ‘விலை தெரிந்துகொள்’ என்பது ‘எங்களைத் தொடர்புகொள்’ என்பதைவிட வாசகர் பக்கம் நின்று பேசுகிறது.

இரண்டாவது கேள்விக்கு நம் ஊர் கண்டுபிடித்த விடை மிஸ்டு கால். ‘இந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுங்கள், நாங்கள் அழைக்கிறோம்’ என்ற வரியில் செலவும் இல்லை, எழுதத் தெரிய வேண்டியதும் இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதும் அதே வரியில் இருக்கிறது. இப்போது அந்த இடத்தை வாட்ஸ்அப் பிடித்திருக்கிறது. `wa.me` என்று தொடங்கும் இணைப்பின் கடைசியில் `?text=` சேர்த்து, ஒரு செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். தட்டுகிறவருக்கு வாட்ஸ்அப் திறந்து, செய்தி தயாராக நிற்கும், அனுப்பினால் போதும். இதில்தான் பலர் வாய்ப்பை வீணாக்குகிறார்கள். முன்செய்தி வெறும் ‘ஹாய்’ என்றிருந்தால் கடைக்காரர் ‘சொல்லுங்க’ என்று பதில் போட, இருவரும் நாலு செய்தி வீணாக அனுப்பிக்கொள்வார்கள். ‘நவம்பர் __ தேதிக்கு மண்டபம் காலியா?’ என்று நிரப்ப இடம் விட்டு எழுதி வைத்தால், முதல் செய்தியிலேயே விஷயம் வந்துவிடும்.

மண்டபத்தையே எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம், ஏனென்றால் மூன்று வகை அழைப்பும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு நடுத்தர ஊரில் 500 பேர் உட்காரும் மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வாடகை ₹1,20,000, அட்வான்ஸ் ₹25,000, கரண்ட் மீட்டர்படி, துப்புரவு தனி. அதன் விளம்பரத்தில் இருப்பதோ, ‘புக்கிங்குக்குத் தொடர்பு கொள்ளவும்’ என்ற ஒரே வரி.

இதைப் படிக்கும் வீட்டில் இன்னும் யாரும் புக்கிங்குக்குத் தயாராக இல்லை. ஜோசியர் மூன்று முகூர்த்த நாள் குறித்துக் கொடுத்திருப்பார். எந்த நாளில் எந்த மண்டபம் கிடைக்கிறதோ அதைப் பார்த்துத்தான் நாளே முடிவாகும். போனைக் கையில் வைத்திருப்பவர் பெரும்பாலும் பெண்ணின் அண்ணனோ சித்தப்பாவோ, முடிவெடுப்பவர்கள் வேறு. அவருக்கு இப்போது வேண்டியது வீட்டில் போய்ச் சொல்ல ஒரு பதில். ஆகவே முதல் வரி இப்படி இருக்கலாம்: ‘உங்கள் முகூர்த்த நாள் காலியா? தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.’ அதன் அடியில்: ‘அன்று மாலைக்குள் பதில், வாடகை விவரத்தோடு. பணம் எதுவும் கட்ட வேண்டாம்.’ இது சுத்தமான விசாரணை வரி. ‘தேதிகளை’ என்று பன்மையில் கேட்டதும் வேண்டுமென்றேதான். மூன்று நாளில் ஒன்றாவது காலியாக இருக்கும், உரையாடல் நின்றுபோகாது.

நாள் காலி என்று தெரிந்தவர்களுக்கு அடுத்த வரி: ‘மண்டபத்தை நேரில் பார்க்க வாருங்கள், எந்த நாள் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள்.’ கூடவே, ‘உங்கள் தேதியை 3 நாள் பிடித்து வைக்கிறோம், கட்டணம் இல்லை’ என்றால், பெரியவர்களைக் கூட்டி வந்து காட்ட அவகாசம் கிடைக்கிறது. இங்கே ‘புக்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்க வேண்டும். ‘பிடித்து வைக்கிறோம்’ என்பதும் ‘3 நாள்’ என்பதும் எல்லையைச் சொல்லிவிடுகின்றன. நாலாம் நாள் வேறொருவருக்குக் கொடுத்தாலும் யாரும் சண்டைக்கு வர முடியாது.

மூன்றாவது வரியில்தான் பணம் வருகிறது: ‘₹25,000 அட்வான்ஸ் கட்டி தேதியை உறுதி செய்யுங்கள்.’ அடுத்த வரியிலேயே மீதி எப்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பவை வர வேண்டும். பல மண்டபங்களில் இவை ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன. அட்வான்ஸ் கேட்கும் வரியின் அருகிலேயே இருந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் ரத்து விதியைத் தெரிந்து கட்டியவர் பிறகு வாக்குவாதத்துக்கு வருவது குறைவு, தேதி ஒத்திப்போனால் சீக்கிரமே தகவலும் சொல்வார். அந்தத் தேதியை வேறொருவருக்குக் கொடுக்க அதுதான் உதவும்.

வரி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பெரிய நிறுவனங்கள் இரண்டு வாசகங்களை ஆளுக்குப் பாதியாகக் காட்டி எது வெல்கிறது என்று பார்க்கும். மாதம் 60 விசாரணை வரும் மண்டபத்துக்கு அந்த முறை பயன்படாது. 30-க்கு 30 வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தற்செயலா, சொல்லாலா என்று பிரிக்கவே முடியாது. அவர்களுக்கு நூறாண்டுப் பழைய வழி ஒன்று இருக்கிறது. 1923-இல் ‘சயின்டிஃபிக் அட்வர்டைசிங்’ நூலை எழுதிய கிளாட் ஹாப்கின்ஸ் காலத்தில், ஒவ்வொரு பத்திரிகையின் கூப்பனிலும் வேறு வேறு குறி அச்சிட்டு, எந்த விளம்பரத்திலிருந்து கடிதம் வந்தது என்று எண்ணுவார்கள். இன்று நோட்டீஸில் ஒரு முன்செய்தி, இன்ஸ்டாகிராமில் வேறொரு முன்செய்தி என்று வாட்ஸ்அப் இணைப்பை மாற்றி வைத்தால் அதே கணக்கு செலவில்லாமல் கிடைக்கும்.

எண்ணிக்கையைவிட, வரும் கேள்விகளைப் படிப்பது இன்னும் பயன் தரும். எல்லோரும் ‘வாடகை எவ்வளவு?’ என்றே கேட்டால், விலை இல்லாத விளம்பரத்தில் விசாரணை வரி வீணாக உழைக்கிறது என்று அர்த்தம். நிறையப் பேர் ‘புக்’ தட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் காணாமல் போனால், அந்தச் சொல் அவர்களை ஒரு படி முன்னாலேயே இழுத்துவிட்டிருக்கிறது. விசாரணை குவிந்து ஒருவரும் அட்வான்ஸ் கட்டவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சொல்லில் இல்லை. பதில் தாமதம், விலை, பார்க்கிங் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

சொல்லைக் கூர்மையாக்கும் ஆர்வத்தில் சிலர் எல்லை தாண்டுவதும் உண்டு. ‘இரண்டே அறைகள்தான் மீதி, 30 பேர் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற வகை வரிகள் முன்பதிவுத் தளங்களில் மலிந்தபோது, பிரிட்டனின் போட்டி ஆணையம் புக்கிங் டாட் காம், எக்ஸ்பீடியா, அகோடா உள்ளிட்ட 6 தளங்களிடம் 2019-இல் அவற்றைத் திருத்துவதாக உறுதி வாங்கியது. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இப்படிப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுக்குத் தடை விதித்துள்ளன. பொய்யான அவசரம் அதில் ஒன்று. விமானச் சீட்டு எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமல் இருக்கிறேன்’ என்று தட்ட வைத்துக் கூச வைப்பது இன்னொன்று.

வீடு, மனை விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டம் 3-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வது, புக்கிங் எடுப்பது, விற்பது, வாங்க அழைப்பது என எல்லாவற்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. ‘இது புக்கிங் இல்லை சார், சும்மா ஆர்வம் தெரிவிக்க ஒரு டோக்கன்’ என்று அழைப்பு வரியை மாற்றி எழுதுவதால் அந்தத் தடை விலகாது. பதிவு பெற்ற திட்டத்திலும், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு.

இந்தியாவில், பணக் கடமை வரும் பொத்தானில் இன்ன சொல்தான் இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவைப் போல ஒரு விதி இல்லை, வர வேண்டும். அதுவரை, ‘புக்’ என்றோ ‘உறுதி செய்’ என்றோ மட்டும் எழுதிய பொத்தானைத் தட்டுவதற்கு முன் பணம் எப்போது, எவ்வளவு போகும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தட்டும் முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சொல் ஒன்றாகவும் நடந்தது வேறாகவும் இருந்தால், அந்தப் படத்தோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.